கதிரையைப் பிடிக்கும் குளிசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கொலஸ்ட்ரோல் குளிசையைப் பற்றிய பதில் ஒன்றில் ‘போட்டி நிரோதி’ என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப்பேர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். மீதிப்பேர் அந்தக் குளிசையை இரவில் விழுங்குகிறவர்கள். இரு பகுதியாரும் கேட்பது உண்மையில் ஒரே விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே தருகிறேன்.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை: போட்டி நிரோதி, போட்டியற்ற நிரோதி இரண்டையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன். கேட்டால் எழுதிவிடுவேன். ஆனால் எனக்கு விளங்கவில்லை. விளக்குவீர்களா?

விளங்கவில்லை என்று எழுதினீர்களே தங்கச்சி, அங்கேதான் படிப்பே தொடங்குகிறது.

உங்கள் தெருவில் உள்ள சலூனை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள கதிரைதான் நொதியத்தின் உயிர்ப்பு மையம். முடி வெட்ட வருகிறவர் கீழ்ப்படை. முடி வெட்டாமல் கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிற ஒருவர் வந்தால், அவர்தான் போட்டி நிரோதி. அவர் சலூனில் எதையும் உடைக்கவில்லை. இடத்தைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். இடையிடையே எழும்புவார், திரும்ப வந்து இருப்பார். அவர் எழும்பும் நேரத்தில் வாசலில் ஒரேயொரு வாடிக்கையாளர் நின்றால், அடுத்ததாகக் கதிரை யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஐம்பது பேர் நின்றால் அநேகமாக வாடிக்கையாளர் ஒருவருக்கே கிடைக்கும். கூட்டம் கூடக் கூட அவருடைய தொல்லை ஒன்றுமில்லாமல் போகும்.

இனிப் போட்டியற்ற நிரோதி. இவர் கதிரைப் பக்கம் போவதே இல்லை. கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். கதிரை வெறுமையாக இருக்கிறது, ஆட்கள் வழமைபோல வந்து இருக்கிறார்கள், முடி மட்டும் வெட்டப்படவில்லை. வாசலில் ஐம்பது பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும் நிலைமை மாறாது.

ஆகவே ஒரு நிரோதி எந்த வகை என்று அறிய ஒரு கேள்வி போதும்: கீழ்ப்படையைக் கூட்டினால் பழைய வேகம் திரும்புகிறதா? திரும்பினால் அது போட்டி. திரும்பாவிட்டால் போட்டியற்றது.

அதே வகுப்பு மாணவர், பம்பலப்பிட்டி: கூட்டினால் திரும்பும் என்றால், எவ்வளவு கூட்ட வேண்டும்? கணக்காகச் சொல்ல முடியுமா?

முடியும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

ஒரு நொதியத்தின் உச்ச வேகம் 100 என்று வையுங்கள். அரைவேகத்துக்குத் தேவையான கீழ்ப்படைச் செறிவு, அதாவது Km, 4 அலகு. நிரோதி இல்லாமல் 4 அலகு கீழ்ப்படை கொடுத்தால் வேகம் 50. 40 கொடுத்தால் 91. 400 கொடுத்தால் 99.

இப்போது போட்டி நிரோதி ஒன்றை அதன் Ki அளவுக்குச் சேருங்கள். Ki என்பது நிரோதி நொதியத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதற்கான எண். சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம். சமன்பாடு இது:

v = Vmax·S / (Km(1 + I/Ki) + S)

I = Ki என்பதால் அடைப்புக்குள் 2 வருகிறது. Km 4 ஆக இருந்தது 8 போலத் தோன்றும். 4 அலகு கீழ்ப்படையில் வேகம் 33. 40இல் 83. 400இல் 98. நிரோதி இல்லாதபோது 99 தானே வந்தது? ஏறக்குறைய முழுதும் மீட்டுவிட்டோம்.

அதே அளவு வலிமையுள்ள போட்டியற்ற நிரோதியானால் உச்ச வேகமே 50 ஆகிவிடும். 4 அலகில் வேகம் 25, 40இல் 45, 400இல் 49.5. இன்னும் பத்து மடங்கு கொட்டினாலும் 50ஐத் தாண்டாது. Km மட்டும் அப்படியே 4.

கீழ்ப்படையின் தலைகீழையும் வேகத்தின் தலைகீழையும் வைத்து வரையும் நேர்கோட்டு வரைபு இந்த எண்களின் படம்தான். நிரோதியுடன் ஒரு கோடு, இல்லாமல் ஒரு கோடு. போட்டியானால் இரண்டும் நிலைக்குத்து அச்சில் சந்திக்கும், ஏனென்றால் உச்ச வேகம் மாறவில்லை. போட்டியற்றதானால் கிடை அச்சில் சந்திக்கும், ஏனென்றால் Km மாறவில்லை. எந்த அச்சு எதற்கு என்று மனனம் செய்ய வேண்டாம். எது மாறவில்லை என்று யோசித்தால் அச்சு தானாக வரும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை: ஐயா, எனக்கு அட்டோவாஸ்டட்டின் எழுதித் தந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன இரண்டு வகையில் இது எது?

இரண்டும்தான் ஐயா. இப்படிச் சொல்வது மழுப்பல் அல்ல. இந்தக் குளிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

உங்கள் ஈரலில் கொலஸ்ட்ரோல் உருவாகும் நீண்ட பாதையின் தொடக்கத்தில் ஒரு நொதியம் இருக்கிறது. பெயர் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். பாதை முழுவதன் வேகத்தையும் தீர்மானிப்பது இதுவே. இது எச்எம்ஜி-கோஏ என்ற பொருளை மெவலோனேற்று என்ற பொருளாக மாற்றும். அந்த வேலைக்கு இன்னொரு பொருளும் தேவை: ஐதரசனை ஏந்திவந்து கொடுக்கும் என்ஏடிபிஎச். ஆக இந்த நொதியத்துக்குக் கீழ்ப்படை ஒன்றல்ல, இரண்டு. நம்முடைய சலூனில் எச்எம்ஜி-கோஏ கதிரையில் இருப்பவர் என்றால், என்ஏடிபிஎச் கத்தரிக்கோல்.

ஸ்டட்டின் மூலக்கூறின் ஒரு முனை எச்எம்ஜியைப் போலவே அமைந்திருக்கும். அந்த முனை எச்எம்ஜி இருக்க வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். மூலக்கூறின் எஞ்சிய பருத்த பகுதி பக்கத்தில் உள்ள நீர் வெறுக்கும் பள்ளத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். 2001ஆம் ஆண்டு இஸ்த்வான், டைசன்ஹோஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்ப் பளிங்குப் படங்களில் இதைக் கண்ணால் காட்டினார்கள். என்ஏடிபிஎச் வந்து பொருந்தும் இடத்தை ஸ்டட்டின் மறைப்பதில்லை.

இப்போது ஆய்வுகூடத்தில் இரண்டு சோதனைகள் செய்வோம். முதலில் எச்எம்ஜி-கோஏயைக் கூட்டிக்கொண்டே போகிறோம். வேகம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. எனவே போட்டி நிரோதி. அடுத்த குழாயில் என்ஏடிபிஎச்ஐக் கூட்டுகிறோம். எவ்வளவு கூட்டினாலும் பழைய உச்ச வேகம் திரும்பவில்லை. கதிரையில் இருக்கிறவரைக் கத்தரிக்கோல்களைக் குவித்து எழுப்ப முடியுமா? எனவே இந்தக் கீழ்ப்படையைப் பொறுத்தவரை அதே மருந்து போட்டியற்ற நிரோதி.

பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவதால் மாணவர்கள் ‘போட்டி’ என்பதை மருந்தின் குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மருந்தின் குணம் மட்டுமல்ல. எந்தக் கீழ்ப்படைக்கு எதிராக அளக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சொல் முழுமையடையும்.

வெள்ளவத்தை மாணவியே மீண்டும்: பாதையை அடைத்தால் எச்எம்ஜி-கோஏ தேங்கும். தேங்கினால் கீழ்ப்படை கூடும். கூடினால் நிரோதி தோற்க வேண்டும். பிறகு எப்படி மருந்து வேலை செய்கிறது?

அருமை. இந்தக் கேள்வியை ஒரு மருந்தாக்குநர் கேட்டிருந்தால் அவருக்குச் சம்பளம் கூட்டியிருப்பார்கள்.

உங்கள் தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் ஈரலில் இரண்டு விஷயங்கள் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. முதலாவது, எச்எம்ஜி-கோஏக்கு வேறு வழியும் இருக்கிறது. அது நீரில் கரையும் பொருள். அதை உடைத்து வேறு தேவைக்கு அனுப்பும் நொதியம் நம்மிடம் உண்டு. அதனால் அது மலைபோலக் குவிவதில்லை. இந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதை அறிய 1960களின் தொடக்கத்தில் வந்த டிரைபரனோல் என்ற மருந்தைப் பாருங்கள். அதுவும் கொலஸ்ட்ரோல் பாதையைத்தான் அடைத்தது, ஆனால் பாதையின் கடைசிப் படியில். அங்கே தேங்கிய பொருள் நீரில் கரையாதது, போவதற்கு வேறு வழியும் இல்லாதது. பாவித்தவர்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1962இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே அடைக்கிறோம் என்பது எதைக்கொண்டு அடைக்கிறோம் என்பதற்குக் குறைந்ததல்ல.

இரண்டாவது, போட்டி சமமானவர்களுக்கிடையே நடப்பதல்ல. எச்எம்ஜி-கோஏயின் Km மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது. ஸ்டட்டின்களின் Ki நனோமோலார் அளவில் இருக்கிறது. அதாவது நொதியம் தன் சொந்தக் கீழ்ப்படையை விட ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்கமாக ஸ்டட்டினைப் பிடிக்கிறது. நம் கணக்கிலே மருந்து Kiயைப் போல் பத்து மடங்கு இருந்தால் அடைப்புக்குள் 11 வரும். 50 ஆக இருந்த வேகம் 8க்கு விழும். அதைத் திரும்ப 50 ஆக்க வேண்டுமானால் கீழ்ப்படை 11 மடங்கு கூட வேண்டும். ஈரல் அவ்வளவுக்கு விடாது.

இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை: இவருக்கு 20 மில்லிகிராமிலிருந்து 40 ஆக்கினார்கள். மருந்து இரட்டிப்பு, ஆனால் கெட்ட கொலஸ்ட்ரோல் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. குளிசையில் குறையா?

குளிசையில் குறையில்லை அம்மா. எல்லோருக்கும் இப்படித்தான். எந்த ஸ்டட்டினானாலும், அளவை ஒருமுறை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கொலஸ்ட்ரோல் மேலும் 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும் என்பது வைத்தியர்கள் கையாளும் பொதுக் கணக்கு.

காரணத்தின் ஒரு பாதி முன்னே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. மருந்து Kiயைப் போல் பத்து மடங்காக இருந்தபோது வேகம் 50இலிருந்து 8 ஆனது. மருந்தை இருபது மடங்காக்கினால் அது 4.5 ஆகும். முதல் அளவு 42 புள்ளியைக் குறைத்தது, இரண்டாவது அளவு 4 புள்ளியைத்தான் குறைத்தது. கதிரைகளில் பெரும்பாலானவை முன்பே நிரம்பிவிட்டன.

மறு பாதி ஒரு ஜப்பானியக் கதை. அகிரா எண்டோ என்ற உயிர் இரசாயனவியலாளர் 1971இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இல் முதலாவது ஸ்டட்டினைக் கண்டுபிடித்தார். அது கிடைத்தது கியோத்தோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்திலிருந்து. குழாயில் அற்புதமாக வேலை செய்தது. எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரோல் இறங்கவேயில்லை. மருந்தைக் கைவிடும் நிலை வந்தது. பிறகு 1976இல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நன்றாக இறங்கியது.

எலிக்கு என்ன நடந்தது? கொலஸ்ட்ரோல் குறைந்ததை உணர்ந்த ஈரல் அதே நொதியத்தைப் பல மடங்கு கூடுதலாகச் செய்துகொண்டது. கீழ்ப்படையைக் கூட்டி வெல்ல முடியாத இடத்தில் நொதியத்தைக் கூட்டி வென்றது. கணக்கில் பாருங்கள்: 8.3க்கு விழுந்த வேகம், நொதியம் 6 மடங்கானால் திரும்பவும் 50. சலூனில் ஒருவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார் என்பதற்காக முதலாளி மேலும் ஐந்து கதிரை வாங்கிப் போட்ட மாதிரி.

மனித ஈரலும் இதைச் செய்கிறது. ஆனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. கொலஸ்ட்ரோல் போதவில்லை என்ற அதே அறிவிப்பு, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே எடுக்கும் வாங்கிகளையும் ஈரலின் மேற்பரப்பில் கூட்டுகிறது. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் எண் இறங்குவது பெரும்பாலும் அந்த வாங்கிகளால்தான். அந்த வாங்கிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறப்பிலேயே அந்த வாங்கிகள் இல்லாதவர்களுக்கு ஸ்டட்டின் மிகக் கொஞ்சமே உதவும். நொதியம் அவர்களிடமும் அடைபடத்தான் செய்கிறது, ஆனால் இரத்தத்திலுள்ளதை இழுத்து எடுக்க ஆள் இல்லை.

வங்கி ஊழியர், வெள்ளவத்தை: ஒசுசலவில் ஒரு பெயரில் தந்தார்கள், காலி வீதிப் பாமசியில் வேறு பெயரில் தருகிறார்கள். ஒன்றுதானா?

பெட்டியில் சிறிய எழுத்தில் அட்டோவாஸ்டட்டின் என்றும், மருந்துச்சீட்டில் உள்ள அதே மில்லிகிராம் என்றும் இருந்தால் மூலக்கூறு ஒன்றுதான். நொதியத்துக்கு வியாபாரப் பெயர் தெரியாது. மருந்தை அதன் பொதுப் பெயரில் அறிந்து வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் பேராசிரியர் சேனக பிபிலே போராடினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ரிப்போர்ட் நல்லாய் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் பழைய எண்ணே வந்துவிட்டது. இவ்வளவு நாள் போட்டது வீணா?

வீணில்லை. போட்ட நாட்களில் அது தன் வேலையைச் செய்தது. நிறுத்திய பிறகும் செய்யும் என்று எதிர்பார்த்ததுதான் சரியில்லை. ஸ்டட்டின் கதிரையில் இருக்கிறது, எழும்புகிறது, மறுபடி இருக்கிறது. நொதியத்தோடு அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. குளிசையை நிறுத்தி, இரத்தத்தில் மருந்து தீர்ந்ததும் எல்லாக் கதிரைகளும் காலி. நொதியம் முன்போலவே முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். நல்ல எண் வந்தது உங்கள் ஈரல் மாறியதால் அல்ல, மருந்து அங்கே இருந்ததால். இப்படிப்பட்ட மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக முடிவு செய்யக்கூடாது. எழுதித் தந்த வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.

ரியூசன் ஆசிரியர், பம்பலப்பிட்டி: அஸ்பிரினைப் போட்டியற்ற நிரோதிக்கு உதாரணமாகச் சொல்லலாமா?

சொல்லாமல் விடுவது நல்லது சேர். அஸ்பிரின் தன் நொதியத்தின் வேலை நடக்கும் குழிக்குள்ளேயே நுழைந்து, அங்கே ஓர் அசற்றைல் கூட்டத்தை இரசாயனப் பிணைப்பால் ஒட்டிவிட்டுப் போகிறது. அந்த நொதிய மூலக்கூறு இனித் திரும்பாது. இதயத்துக்காகக் குடிக்கும் சிறிய அஸ்பிரினின் விளைவு குருதிச் சிறுதட்டுகளின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, நிற்பதற்குக் காரணம் இதுதான். சிறுதட்டுகளால் புது நொதியம் செய்துகொள்ள முடியாது.

குழப்பம் வரும் இடம் வரைபில். நொதியத்தில் ஒரு பகுதி செத்துப்போனால் உச்ச வேகம் குறையும், Km மாறாது. படம் போட்டியற்ற நிரோதியைப் போலவே தெரியும். பிரித்தறிய, கலவையை நன்றாக ஐதாக்குங்கள், அல்லது கூழ்பிரிப்பு செய்து நிரோதியைக் கழுவி எடுங்கள். வேகம் திரும்பினால் மீளும் நிரோதி, திரும்பாவிட்டால் அஸ்பிரின் வகை. மாணவர்களுக்கு உண்மையான போட்டியற்ற மருந்து வேண்டுமென்றால் எச்ஐவிக்குக் கொடுக்கும் நெவிரப்பின்னைச் சொல்லுங்கள். அது வைரசின் நொதியத்தில் வேலை நடக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, வேறொரு பையில் போய் அமர்ந்து, நொதியத்தின் வடிவத்தையே கெடுக்கிறது.

நீரிழிவுள்ள வாசகி, வெள்ளவத்தை: கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கச் சொல்கிறார்கள். அதுவும் இந்த வகையா?

அதே வகைதான். கோப்பை செய்யும் அந்தக் கொடியிலிருந்து சலசினோல் என்ற பொருளை ஜப்பானின் யோஷிகாவா குழுவினர் 1997இல் பிரித்தெடுத்தார்கள். சிறுகுடலில் மாப்பொருளையும் சீனியையும் குளுக்கோசாக வெட்டும் நொதியங்களுக்கு அது போட்டி நிரோதி. அகார்போஸ் என்ற குளிசையும் அதே நொதியங்களில்தான் வேலை செய்கிறது.

ஆனால் இங்கே போட்டி ஈரலில் நடப்பது போன்றதல்ல. குடலில் கீழ்ப்படை என்பது உங்கள் தட்டில் உள்ள சோறு. அதை நீங்கள் எவ்வளவும் கூட்டலாம். அத்தோடு நேரமும் முக்கியம்: சாப்பாடு வந்து சேரும்போது நிரோதி அங்கே இருக்க வேண்டும். அகார்போஸை முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்வது இதற்காகத்தான். அட்டோவாஸ்டட்டினை எந்த நேரத்திலும் எடுக்கலாம், இதை அப்படி எடுக்க முடியாது. காலையில் வெறும் வயிற்றில் குடித்த தண்ணீர் மத்தியானச் சோற்றுக்கு நிற்கும் என்று நம்ப வேண்டாம். கோப்பைத் தண்ணீரில் எவ்வளவு சலசினோல் இறங்குகிறது என்பதும் கோப்பைக்குக் கோப்பை, நாளுக்கு நாள் வேறுபடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர் அகார்போஸும் சேர்த்து எடுக்கும்போது சீனி மிகவும் இறங்கி மயக்கம் வந்தால், சீனி கரைத்த தண்ணீர் உடனே உதவாது. சீனியை வெட்டும் நொதியம்தானே அடைபட்டிருக்கிறது. கொத்தல ஹிம்புட்டு குடிக்கிறவருக்கும் இதே ஆபத்தை எதிர்பார்க்க வேண்டும். குளுக்கோஸ் தூளைக் கரைத்துக் கொடுங்கள், அதை வெட்ட வேண்டிய தேவையில்லை. மரக் கோப்பையைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றக் குளிசைகளின் அளவை அவர் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.